முதல் பத்திரமாய் இருக்கு, பெறுமதி எங்கே?

பிணைமுறி என்ற சொல் எங்கட தலைமுறைக்கு 2015 இல்தான் அறிமுகமானது. அதுவும் ஒரு ஊழலின் பெயராக. அதனாலோ என்னவோ, அது என்ன சாமான், அதன் விலை ஏன் ஏறுது, ஏன் இறங்குது என்று கேட்க எங்களில் கனபேருக்குத் தோன்றவில்லை. பிறகு 2022 வந்தது. வட்டி ஏறியது, காசின் பெறுமதி போனது, 2023 இல் ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகளை மாற்றியமைத்தார்கள். "உங்கட முதலில் ஒரு சதம்கூடக் குறையாது" என்று சொன்னார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வசனம் எதை மறைத்தது என்பது, முறியின் விலைக்கும் வட்டிக்கும் இடையிலான உறவு விளங்கினால்தான் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சின்னதில் இருந்து தொடங்குவோம். திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கம் எழுதித் தரும் ஒரு துண்டு: "ஒரு வருடம் கழித்து 100 ரூபாய் தருவேன்." அதில் வட்டி என்று தனியாக ஒன்றும் எழுதியிருக்காது. நீங்கள் இன்று 100 ஐ விடக் குறைவாகக் கொடுத்து அதை வாங்குகிறீர்கள். வித்தியாசம்தான் உங்கட வட்டி. 95 ரூபாய் 24 சதத்துக்கு வாங்கினால், வருடமுடிவில் 100 கிடைக்கும். அது 5 சதவீத வட்டி. 2021 இன் நடுப்பகுதியில் ஒரு வருட உண்டியலின் விளைவு வீதம் ஏறத்தாழ இவ்வளவுதான் இருந்தது.

இப்ப அதே துண்டுக்கு 30 சதவீத வட்டி கிடைக்க வேண்டும் என்றால் என்ன விலை கொடுக்கலாம்? 76 ரூபாய் 92 சதம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் உங்களுக்கு 30 சதவீதம் வராது. துண்டில் எழுதியிருக்கிற 100 மாறவில்லை. மாறக்கூடியது இன்றைய விலை ஒன்றுதான். ஆகவே வட்டி ஏறினால் விலை இறங்கியே ஆகவேண்டும். ஒன்று மற்றதுக்குக் காரணம் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லுகிறோம், அவ்வளவுதான்.

முறி இதன் அண்ணன். நீண்ட காலம், இடையிடையே நிலையான கூப்பன் வட்டி, கடைசியில் முதல். பத்து வருட முறி ஒன்றை 100 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், வருடத்துக்கு 8 ரூபாய் கூப்பன் என்று வைப்போம். (உண்மையில் கூப்பன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். கணக்கு இலகுவாக இருக்க வருடத்துக்கு ஒன்று என்று எடுக்கிறோம்.) வாங்கி ஒரு கிழமையில் சந்தை வட்டி 20 சதவீதத்துக்குப் போகுது. இனி அரசாங்கம் வெளியிடும் புது முறி 100 ரூபாய்க்கு வருடம் 20 ரூபாய் தரும். உங்கட முறி 8 தான் தரும். அதை யார் 100 க்கு வாங்குவார்? ஒருவரும் வாங்கமாட்டார். விலையைக் குறைத்தால் வாங்குவார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும்? வரப்போகும் பத்து 8 ரூபாய்களையும் கடைசி 100 ரூபாயையும் 20 சதவீதத்தில் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து கூட்டினால் 49 ரூபாய் 69 சதம் வருகிறது. அரைவாசி போய்விட்டது. அரசாங்கம் ஒரு சதமும் ஏமாற்றவில்லை, ஒரு தவணையும் தவறவில்லை. அப்படியிருந்தும் அரைவாசி.

அதே முறிக்கு இன்னும் ஒரு வருடம்தான் மிச்சம் என்றால்? வரப்போவது 108 ரூபாய். 20 சதவீதத்தில் அதன் விலை 90. நட்டம் பத்து ரூபாய்தான். ஆக, காலம் நீள நீள அடியும் பலமாக விழும். குறைந்த வட்டியில் பத்து வருடம் மாட்டுப்படுவதும் ஒரு வருடம் மாட்டுப்படுவதும் ஒன்றில்லைத்தானே.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு பதில் வரும்: "வித்தால்தானே நட்டம்? வித்துப்போடாமல் கடைசிவரைக்கும் வச்சிருந்தால் 100 ரூபாயும் வரும்."

இந்தப் பதிலைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். 100 ரூபாய் வரும், உண்மை. ஆனால் அந்தப் பத்து வருடமும் பக்கத்து வீட்டுக்காரர் 20 எடுக்கும்போது நீங்கள் 8 எடுப்பீர்கள். விற்றவர் 50 ரூபாய் நட்டத்தை ஒரே நாளில் பார்த்தார். விற்காதவர் அதே நட்டத்தைப் பத்து வருடத்துக்குத் தவணை முறையில் பார்க்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அப்படியான ஒரு வருடத்தில் 8 சதவீதம் எடுத்தவர் "நான் விற்கவில்லை, எனக்கு நட்டமில்லை" என்று சொன்னால், கடைக்குப் போய் அந்தக் காசுக்கு எவ்வளவு அரிசி வரும் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மத்திய வங்கி இதற்குள் எப்படி வருகிறது?

விலையும் வட்டியும் சீசோ பலகையின் இரண்டு முனைகள். வட்டியைக் கீழே வைத்திருக்க வேண்டுமென்றால் விலையை மேலே தூக்கிப் பிடிக்க யாராவது வேண்டும். மத்திய வங்கி முறியோ உண்டியலோ வாங்குவது என்பது அந்தத் தூக்கிப் பிடிப்புத்தான். மற்றவர்கள் தங்களிடம் இருக்கும் காசில் வாங்குவார்கள். மத்திய வங்கி மட்டும் வாங்குவதற்காகவே புதுக்காசை உருவாக்க முடியும். "காசு அச்சடிச்சது" என்று எல்லோரும் சொன்னது இதைத்தான். பெரும்பாலும் கடதாசி நோட்டு இல்லை, வங்கிகளின் கணக்கில் ஏறும் இலக்கம்.

இலங்கையில் கிழமைக்குக் கிழமை உண்டியல் ஏலம் நடக்கும். வங்கிகள், முதலாந்தர வணிகர்கள், நிதியங்கள் எல்லோரும் தாங்கள் என்ன விலைக்கு வாங்கத் தயார் என்று கேள்வி போடுவார்கள். 2020, 2021 காலத்தில் மத்திய வங்கி இந்த ஏலங்களுக்கு ஒரு உச்ச விளைவு வீதத்தை வைத்தது. அந்த வீதத்துக்கு மேல் கேட்பவர்களின் கேள்வி ஏற்கப்படாது. விலை மொழியில் சொன்னால்: "95 க்குக் கீழே கேட்காதே."

சந்தையில் இருப்பவர்கள் 85 க்குத்தான் தயார் என்று வைப்போம். அவர்களுக்கு நாட்டின் நிலைமை தெரியும், 17 சதவீதத்துக்கு மேல் வட்டி வேண்டும் என்று நினைக்கிறார்கள். 95 என்றால் அவர்கள் வரமாட்டார்கள். ஏலத்தில் பாதிச் சரக்கு விலைபோகாமல் கிடக்கும். அரசாங்கத்துக்கோ அன்றைக்கே காசு வேண்டும். மிச்சத்தை யார் எடுப்பது? மத்திய வங்கிதான், 95 க்கு. இப்ப அரசாங்கத்துக்கு 5 சதவீதத்தில் கடன் கிடைத்துவிட்டது, பத்திரிகையில் வட்டி குறைவு என்று செய்தி. ஆனால் அந்த 5 சதவீதம் சந்தையின் விலை இல்லை. வேறு ஒருவரும் கொடுக்கத் தயாராக இல்லாத விலையைக் கொடுத்த ஒருவர் இருந்ததால் வந்த விலை.

பெருந்தொற்று வந்த முதல் மாதங்களில் இப்படிச் செய்ததற்கு நியாயம் இருந்தது என்று நாங்கள் ஏற்கிறோம். ஊரே பூட்டிக் கிடக்கும்போது வட்டியை ஏற்றச் சொல்ல முடியாது. பிரச்சினை, தொடங்கியது நிற்கவில்லை என்பது. 2019 இன் முடிவில் மத்திய வங்கியின் கையில் இருந்த அரசாங்கப் பிணையங்கள் 100 பில்லியன் ரூபாய் என்ற அளவைச் சுற்றித்தான் இருந்தன. 2021 இன் முடிவில் அது ஏறத்தாழ 1.4 ட்ரில்லியன். அந்தப் புதுக்காசு எங்கேயோ போய்த்தானே ஆகவேண்டும். ஒரு பகுதி இறக்குமதிக்குப் போனது, இறக்குமதிக்கு டொலர் வேண்டும். 2019 இன் முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு, 2021 முடிவில் 3.1 பில்லியனுக்கு வந்தது. வரிக்குறைப்பு, சுற்றுலா வீழ்ச்சி, வெளிநாட்டுக் கடன் தவணைகள் எல்லாம் அதில் சேர்ந்தவைதான். ஆனால் வட்டி என்ற எச்சரிக்கை மணியை யாரும் அடிக்க விடவில்லை. மணியின் நாக்கைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

2022 ஏப்ரல் 8 ஆம் திகதி பிடித்த கையை விட்டார்கள். கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏறியது. நான்கு நாள் கழித்து வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. வருடத்தின் பிற்பகுதியில் மூன்று மாத உண்டியல்களின் விளைவு 30 சதவீதத்தைத் தாண்டியது, நீண்டகால முறிகள் 20 ஐத் தாண்டின. மேலே நாங்கள் போட்ட 50 ரூபாய்க் கணக்கு கற்பனைக் கணக்கு இல்லை, அந்த வருடத்தின் கணக்கு.

சீசோவின் உயர்ந்த முனையில் அப்போது யார் இருந்தது? இதைத்தான் நாங்கள் முக்கியமாகக் கேட்கிறோம்.

வங்கிகள் இருந்தன. ஆனால் எல்லோரிலும் பெரியவர் ஊழியர் சேமலாப நிதியம். அதன் முதலீட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசாங்கப் பிணையங்கள். அந்தக் காசை முதலீடு செய்வதும் மத்திய வங்கிதான். அதாவது, வட்டியைக் கீழே அமத்தி வைத்த அதே நிறுவனம், தொழிலாளரின் காசுக்கு நல்ல வட்டி தேடிக் கொடுக்கும் பொறுப்பையும் கையில் வைத்திருந்தது. ஒரு கையின் வெற்றி மற்றக் கையின் தோல்வி. கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்கத் தேவையில்லை. அமைப்பே அப்படி. 2020, 2021, 2022 மூன்று வருடமும் நிதியம் அங்கத்தவர்களுக்கு அறிவித்த வட்டி 9 சதவீதம். 2022 டிசெம்பரில் பணவீக்கம் 57.2 சதவீதம். ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ பத்து வருடம் வேலை செய்த ஒருவருடைய கணக்கில் இலக்கம் கூடியது. பெறுமதி பாதியைப் பார்த்து இறங்கியது.

பிறகு 2023. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நிதியம் தன் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை எடுத்தது. புதியவற்றுக்கு 2025 வரை 12 சதவீதம், அதற்குப் பிறகு முதிர்வு வரைக்கும் 9 சதவீதம். மாற்றாவிட்டால் நிதியத்தின் வருமான வரி 14 இல் இருந்து 30 சதவீதமாகும் என்ற நிபந்தனையும் கூட வந்தது. முகப் பெறுமதி அப்படியே இருக்கும். "முதல் தொடப்படாது" என்று சொன்னது இதை வைத்துத்தான்.

இப்ப நாங்கள் படித்த கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வருடம் 12 ரூபாய், எட்டு வருடம் 9 ரூபாய், கடைசியில் 100. சந்தை வட்டி 15 சதவீதம் என்றால் அந்த முறியின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 75 ரூபாய். 12 சதவீதம் என்றால் 88. 9 சதவீதம் என்றால் 105. ஒரே முறி, ஒரே முதல், மூன்று பெறுமதி. ஆகவே "தொழிலாளரின் கால்வாசிக் காசைக் களவெடுத்துப்போட்டாங்கள்" என்று மேடையில் கத்தியவரும், "ஒன்றுமே குறையவில்லை" என்று பாராளுமன்றத்தில் சொன்னவரும் இரண்டு பேருமே அரைவாசியைத்தான் சொன்னார்கள். அடுத்த பத்து, பதினைந்து வருடம் வட்டியும் பணவீக்கமும் எப்படிப் போகுமோ அதைப் பொறுத்து உண்மை மாறும். வட்டி பின்னர் இறங்கியதால் அந்த முறிகளின் பெறுமதி ஓரளவு மீண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அபாயம் யாருடைய தலையில் ஏற்றப்பட்டது என்பது தெளிவு: நீண்டகால முறி வைத்திருப்பவர் தலையில். அந்தத் தலை எங்களுடையது.

மத்திய வங்கிக்கும் இதே பலகைதான். அது நட்டப்பட்டு இழுத்து மூடப்படாது. ரூபாயை உருவாக்குவதே அதுதான். ஆனால் அதனால் நட்டம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வது பிழை. ஏன் என்று பாருங்கள். மத்திய வங்கி 100 ரூபாய் புதுக்காசை வெளியில் விட்டு ஒரு முறியை வாங்குகிறது. பிறகு பணவீக்கம் வருகிறது, விட்ட காசைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுக்கும் நேரான வழி, வாங்கிய முறியை விற்பது. ஆனால் பணவீக்கம் வந்தால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் முறியின் விலை இறங்கும். 100 க்கு வாங்கியதை 50 க்குத்தான் விற்க முடியும். அப்போ திரும்பி வருவது 50 ரூபாய் மட்டும். மற்ற 50 வெளியிலேயே நிற்கும். காசைத் திரும்ப எடுக்க வேண்டிய நேரத்தில்தான் எடுக்கும் கருவி மலிவாகும். 2023 இல் மத்திய வங்கியிடம் இருந்த உண்டியல்களின் பெரும்பகுதியும் வட்டி படிப்படியாகக் குறையும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. அரசாங்கத்துக்கு அது ஆறுதல். மத்திய வங்கிக்கு அது அவ்வளவு இலகுவாக விற்க முடியாத சரக்கு.

அப்போ மத்திய வங்கி முறி வாங்கவே கூடாதா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் பிரித்தானியாவில் அரசாங்க முறிகளின் விலை திடீரென்று விழுந்தது. கடன் வாங்கி முதலிட்டிருந்த ஓய்வூதிய நிதியங்கள் ஈடு கட்டுவதற்காக முறிகளை விற்றன. விற்க விற்க விலை இன்னும் விழுந்தது. விழ விழ இன்னும் விற்க வேண்டி வந்தது. இங்கிலாந்து வங்கி உள்ளே வந்து செப்டெம்பர் 28 தொடக்கம் ஒக்டோபர் 14 வரை 19.3 பில்லியன் பவுண் பெறுமதியான முறிகளை வாங்கியது. அந்தச் சுழல் நின்றது. அடுத்த ஜனவரிக்குள் வாங்கியதை எல்லாம் விற்று முடித்தது. முடிவுத் திகதி முன்கூட்டியே சொல்லப்பட்டது, வாங்கியது சந்தையில் ஏற்கனவே இருந்த முறிகளை, அரசாங்கத்தின் செலவுக்காக இல்லை. இலங்கையில் நடந்ததில் இவை மூன்றுமே இல்லை.

2023 இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் இதில் ஒரு கோட்டைக் கீறியிருக்கிறது. முதலாந்தரச் சந்தையில், அதாவது அரசாங்கத்திடம் இருந்து நேரே, மத்திய வங்கி பிணையங்கள் வாங்குவது தடை. மற்றவர்கள் ஏற்கனவே வாங்கியதை இரண்டாந்தரச் சந்தையில் வாங்கலாம். இந்தத் தடையை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அது ஒரு கோடுதான், மதில் இல்லை. புதன்கிழமை ஏலத்தில் ஒரு வங்கி வாங்கி வியாழக்கிழமை மத்திய வங்கிக்கு விற்றால், சட்டத்தின் எழுத்து பத்திரமாக இருக்கும். காசு போகும் பாதை பழையதுதான்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஏலத்தில் கேட்ட தொகை கிழமைக்குக் கிழமை குறைவாக வருகிறதா, அப்படியிருந்தும் விளைவு வீதம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வாங்குபவர் குறையும்போது விலை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் யாரோ பிடித்திருக்கிறார். பிறகு, மத்திய வங்கி கிழமைதோறும் வெளியிடும் அறிக்கையில் அதன் கையில் இருக்கும் அரசாங்கப் பிணையங்களின் தொகையைப் பாருங்கள். அந்த இலக்கம் மாதக் கணக்கில் ஏறிக்கொண்டே போனால், பிடித்திருப்பவர் யார் என்பதும் தெரிந்துவிடும். 2021 இல் இந்த இரண்டு அறிகுறிகளும் எல்லோருக்கும் தெரியும்படி வெளியில்தான் இருந்தன.

நாங்கள் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, ஊழியர் சேமலாப நிதியத்தின் காசை முதலீடு செய்யும் வேலை, வட்டியைத் தீர்மானிக்கும் நிறுவனத்தின் கையில் இருந்து பிரிக்கப்பட வேண்டும். இரண்டு, நிதியம் அங்கத்தவருக்கு அனுப்பும் வருடாந்தக் கூற்றில் மீதி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதோடு, நிதியத்தின் முறிகள் இன்றைய சந்தை விலையில் எவ்வளவு பெறும் என்பதும் ஒரு வரியில் இருக்க வேண்டும். அந்த வரி சில வருடம் பயமுறுத்தும், சில வருடம் சந்தோசப்படுத்தும். எப்படியென்றாலும் எங்கட காசு எந்த முனையில் இருக்குது என்று காட்டும்.

இனி தேர்தல் மேடையில் யாராவது "வட்டியைக் குறைப்போம்" என்று சொன்னால், கைதட்ட முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த விலைக்கு முறியை யார் வாங்குவது? பதில் "சந்தை" என்றால் நல்லது. "மத்திய வங்கி" என்றால், எவ்வளவு காலத்துக்கு என்றும் கேளுங்கள். பதிலே இல்லை என்றால், வாங்கப்போவது நாங்கள்தான்.